அறுபத்து நாலு பேருக்குப் போன பக்கம்

ஸ்டெல்லாவுக்கு வேலை போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. புனேயில் வேறு வேலை கிடைத்து ஒன்பது நாள். இரண்டில் எது பெரிய தொல்லை என்று கேட்டால் புனேயைத்தான் சொல்லியிருப்பாள். வேலை போனது ஒரே நாளில் முடிந்த சமாச்சாரம். ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள், ஒரு கவரைக் கொடுத்தார்கள், அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அந்த 2009ஆம் வருஷத் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் நடந்தது. புனே அப்படி முடிகிற ரகமில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வருகிறேன் என்று சொன்னால் குடும்பம் மறுபடி இரண்டாகும். கணவர் இருதயராஜ் லாலாகுடா ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். கல்யாணமான புதிதில் அவள் சென்னையிலும் அவர் இங்கேயுமாக நாலு வருஷம் ஓட்டியாயிற்று. சனிக்கிழமை காலை வந்து இறங்குவாள், ஞாயிறு சாயங்காலம் பெட்டியைத் தூக்குவாள். யாராவது 'ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு ரயிலிலேயே குடித்தனம்' என்று கேலி செய்தால் சிரித்துவைப்பாள், ரயில் நகர்ந்ததும் கழிவறையில் போய் அழுவாள். இன்னொரு தடவை அது முடியாது. அவளுக்கு ஹைதராபாத்தில்தான் வேலை வேண்டும், அதுவும் இந்த வெள்ளிக்குள் ஒரு வழி தெரிய வேண்டும்.

இதற்காக அவள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. இலவச பிளாகில் ஒரு பக்கம் போட்டிருந்தாள். 'ஆஸ்க் மீ அபவுட்' என்று தலைப்பு. நாகரிகமான இங்கிலீஷில், பத்து வருஷ அனுபவம், சவாலான வாய்ப்புகளில் ஆர்வம், எந்த உதவியும் நன்றியோடு ஏற்கப்படும் என்று எழுதி, பழைய சகாக்கள் அறுபத்து நாலு பேருக்கு இணைப்பை அனுப்பினாள். முப்பது பேர் பதில் போட்டார்கள். முப்பதும் 'கண்டிப்பாக', 'ஆல் தி பெஸ்ட்' வகையறா. அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை இல்லை. மனுஷர்கள் நன்றி கெட்டவர்கள் என்று அவள் முடிவு கட்டிவைத்திருந்தபோதுதான், திங்கட்கிழமை காலை வெங்கட் போன் செய்தான். முந்தைய கம்பெனியில் அவளோடு ஆறு வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்தவன், சென்னைக்காரன், எதையும் பூசி மெழுகத் தெரியாதவன்.

"உன் பேஜ ரெண்டு வாட்டி படிச்சேன். படிச்சிட்டு மூடிட்டேன்" என்றான்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நான் என்ன பண்ணணும்னு மட்டும் அதுல இல்ல. உனக்கு என்ன வேலை வேணும்?"

"டெஸ்டிங்ல, ஏதாவது ஒரு..."

"ஏதாவதுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்? எந்தக் கம்பெனி? எந்த ஊரு? நான் ஒருத்தர்கிட்ட உன்னப் பத்திப் பேசணும்னா என்ன சொல்லணும்? எல்லாத்தயும் நானே யோசிக்கணும்னா, எனக்கும் இங்க தலைக்கு மேல வேலை இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்னு வெச்சிடுவேன். எல்லாரும் அதத்தான் பண்ணிருக்காங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. நன்றி கெட்டவர்கள் என்று திட்டினது அத்தனையும் தன்மேலேயே திரும்பியது. போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் நாலு நடை நடந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், எதற்கென்று தெரியாமல் அணைத்தாள். வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். வாயைத் திறந்து கேட்பதற்குத்தான் கூச்சம். கேட்டு, இல்லை என்று வந்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பொதுவாகக் கேட்டுவைத்தால் பொதுவாகவே கிடைக்காமல் போகும், அவமானமும் பொதுவாகப் போய்விடும். அவ்வளவு சாமர்த்தியசாலி.

பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. முதல் வரியிலேயே விஷயத்தைப் போட்டாள்: காப்பீட்டு கிளெய்ம் மென்பொருளைச் சோதிக்கும் குழுவுக்குத் தலைமை வேலை, ஏப்ரலில் சேரத் தயார். அடுத்த வரி, ஹைதராபாத் மட்டும். ஏன் என்று கேட்பார்களே என்று காரணத்தையும் எழுதினாள்: 'என் கணவர் இங்கே ரயில்வே பணிமனையில் இருக்கிறார், அவர் இடம் மாறுவது சாத்தியமில்லை.' காப்பீட்டு வேலை நடக்கிற ஐந்து கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் குறித்தாள். ஐந்து நிமிஷம் மட்டும் இருப்பவர், அந்த ஐந்தில் ஒன்றில் வேலை பார்த்தால், இங்கே இருக்கும் ரெஸ்யூமை, ஊழியர்கள் ஆள் சிபாரிசு செய்யும் உள் ரெஃபரல் தளத்தில் ஏற்றலாம். அங்கே இல்லாதவர், அங்கே இருக்கும் ஒருவருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பலாம். அவர் யோசித்து எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று, அப்படியே வெட்டி ஒட்டிக்கொள்ள நாலு வரியையும் அவளே எழுதிவைத்தாள். டெஸ்ட் மேனேஜர் யாரையாவது தெரிந்தவர் பதினைந்து நிமிஷ போன் பேச்சுக்கு ஏற்பாடு செய்யலாம். வேண்டாதவையும் இருந்தன: வெளியூர் வேலைகள் வேண்டாம், கன்சல்டன்சி நம்பர்கள் வேண்டாம். கடைசியில் அவள் தரக்கூடியது: கிளெய்ம் சோதனை, மெயின்ஃப்ரேம், டெஸ்டிங்குக்கு மாற நினைப்பவர்களுக்கு வழி, இவை பற்றி என்னைக் கேட்கலாம். மேலே அன்றைய தேதியைப் போட்டு, அறுபத்து நாலு பேருக்கும் மறுபடி அனுப்பினாள். வெங்கட் ஒரே வார்த்தையில் பதில் போட்டான்: 'இப்ப புரியுது.'

சாயங்காலம் இருதயராஜ் வந்தார். தூத்துக்குடிக்காரர். பேச்சுக்குச் செலவில்லை என்றாலும் அதையும் எண்ணித்தான் செலவழிப்பார்.

"புனேக்கு என்ன சொல்லப் போற?" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"இன்னும் நாள் இருக்குல்லா. நீங்க என்ன சொல்லுதீங்க?"

"உன் இஷ்டம்."

ஒன்பது நாளாக இதே இரண்டு வார்த்தை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு நேரமில்லாததால் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. மத்தியானத்துக்குள் பதினேழு கடிதங்கள், எல்லாமே செய்துவிட்டேன் என்று சொல்பவை. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் வேறு யாருக்கோ அனுப்பி, ஹைதராபாத் முழுக்கத் தன்னைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நஸ்ரின் போன் செய்தாள். ஆம்பூர்ப் பெண். மாதாப்பூரில் ஹார்பர்லைன் என்கிற காப்பீட்டு மென்பொருள் கம்பெனியில் இருப்பவள். ஐந்து பெயர்களில் ஸ்டெல்லா முதலில் எழுதியதும் அதைத்தான்.

"அக்கா, எங்க டீம்லயே லீட் போஸ்ட் காலி. மேனேஜர்கிட்ட பேசிட்டேன், பயோடேட்டா பாத்துட்டு வரச் சொல்லுன்னுட்டார். இப்பவே ஏத்திடறேன்" என்றாள்.

ஸ்டெல்லா மாதா படத்துக்கு முன்னால் போய் ஒரு நிமிஷம் நின்றாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதே நஸ்ரின் அழைத்தாள், குரல் வேறாக இருந்தது.

"அக்கா, உங்க பேர் ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்காமே. நான் ஏத்துனது டூப்ளிகேட்னு திரும்பிடுச்சு."

"யார் ஏத்தினா?"

"சாய்குமார்னு சப்போர்ட்ல ஒருத்தர். எனக்குத் தெரியாது. எனக்கு முந்தி நாப்பது நிமிஷம். முதல்ல ஏத்தறவங்க பேர்லதான் ஆறு மாசத்துக்கு நிக்கும். நான் ஹெச்ஆர்கிட்ட போய், அவங்கள எனக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது போல. இப்ப ரெண்டு பேருல யார் உண்மைன்னு தெரியறவரைக்கும் உங்க ரெஸ்யூம நிறுத்தி வெச்சிருக்காங்க."

சற்று நேரத்தில் ஹார்பர்லைனிலிருந்தே கடிதம் வந்தது. திரு. சாய்குமார் உங்களைக் 'குடும்ப நண்பர்' என்று குறிப்பிட்டிருக்கிறார், இது சரியா, உறுதிப்படுத்தவும். ஸ்டெல்லா அதை நாலு முறை படித்தாள். ஆமாம் என்றால் பொய். நாளைக்கே தெரிந்துவிட்டால் வேலையும் போகும், நஸ்ரினின் மானமும் போகும். இல்லை என்றால் முகம் தெரியாத ஒருவனுடைய பிழைப்பில் கை வைப்பது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவளை அந்த அறைக்குள் கூப்பிட்ட மாதிரி அவனையும் ஒரு அறைக்குள் கூப்பிடுவார்கள். இன்னொருவருக்கு அதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. ஏற்றுங்கள் என்று எழுதினாளே ஒழிய, ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி சொல்லுங்கள் என்று எழுதவில்லை. பக்கமோ ஊருக்கே திறந்து கிடந்தது. ரெஃபரலுக்குக் கம்பெனிகள் போனஸ் தருவது ஊரறிந்த விஷயம். பத்து வருஷம் அடுத்தவர் மென்பொருளில் ஓட்டை தேடிய டெஸ்டருக்குத் தன் பக்கத்தின் ஓட்டை கண்ணில் படவில்லை. உட்கார்ந்து திருத்தினாள்: ஏற்றும் முன் எனக்கு எழுதுங்கள், எங்கே ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்பது கீழே உள்ளது. ஐந்து கம்பெனிக்கும் எதிரே 'ஆயிற்று', 'இன்னும் இல்லை' என்று குறித்தாள். பிறகு நஸ்ரினிடமே சாய்குமாரின் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

வியாழக்கிழமை குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி முனையில் ஒரு இரானி டீக்கடையில் அவனைப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். செகந்திராபாதில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் என்றான். தமிழ் பேசும்போது நடுவில் தெலுங்கும் உருதுவும் தாமாக வந்து ஏறிக்கொண்டன.

"மேடம், நீங்க கோபமா வந்திருக்கீங்க. கைக்கு, ஏன்? உங்க பேஜ்ல என்ன எழுதியிருந்துச்சோ அதத்தான நான் செஞ்சேன். அஞ்சு நிமிஷம் வேலைன்னு போட்டிருந்தீங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சேன்."

"என்னைக் குடும்ப நண்பர்னு போட்டிருக்கீங்களே. அது பேஜ்ல இல்லையே."

அவன் டீயைப் பார்த்தான். "உறவு என்னன்னு கேக்கற கட்டத்த நிரப்பலேன்னா ஃபாரம் போகாது. எல்லாரும் அதான் போடறாங்க. ஹெச்ஆர் கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்."

அவனை எப்படித் திட்டுவது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் அவன் சொன்னது முக்கால்வாசி சரி. திங்கட்கிழமை வெங்கட் கற்றுக்கொடுத்ததைச் செய்தாள்: என்ன வேண்டும் என்று சொன்னாள்.

"நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஹெச்ஆருக்கு ரெண்டு வரி மெயில். எனக்கு அவங்கள நேர்ல தெரியாது, பேஜ்ல பாத்து ஏத்தினேன், உறவுக் கட்டத்துல தப்பாப் போட்டுட்டேன், என் ரெஃபரல வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்களா முந்திச் சொன்னா அது தவறு. அவங்க கண்டுபிடிச்சா அது பொய். உங்களப் பத்தி ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன். அவங்க கேட்ட கேள்விக்கு மட்டும், இல்ல, எனக்கு அவரத் தெரியாதுன்னு எழுதணும். அதை நாளைக்குக் காலையிலதான் அனுப்புவேன்."

வீட்டிலேயே எழுதிவந்த வரிகளைக் காகிதத்தில் நீட்டினாள். அவன் வாங்கி இரண்டு முறை படித்தான்.

"போனஸ் போச்சு" என்றான்.

"போச்சு."

பக்கத்து மேஜையில் யாரோ உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தவறவிட்டு, கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஹவ், சரி. அனுப்பறேன். அப்போ நானும் ஒண்ணு கேக்கலாமா? கடைசியில நீங்க எழுதியிருந்தீங்க, டெஸ்டிங்குக்கு மாறணும்னா கேளுங்கன்னு. நாலு வருஷமா நைட் ஷிஃப்ட் சப்போர்ட். எனக்கு அதுலேருந்து வெளிய வரணும். போனஸ் நக்கோ, வேணாம் மேடம், நாலு சனிக்கிழமை சொல்லிக் குடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வரியை இத்தனை பேரில் இவன் ஒருவன்தான் படித்திருக்கிறான். சரி என்றாள். நாள், நேரம், எங்கே என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவன் சொன்னபடி செய்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹார்பர்லைன் அவள் ரெஸ்யூமை விடுவித்து, நஸ்ரின் பெயரில் சேர்த்து, நேர்முகத் தேர்வுக்குத் தேதி கொடுத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி.

திங்கட்கிழமை. புனேயோ இன்று ஐந்து மணி.

புனேக்குப் போன் போட்டாள். இதையும் நேராகக் கேட்டாள்: செவ்வாய் மாலை ஐந்து வரை அவகாசம் வேண்டும், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூடக் கேட்க மாட்டேன். அந்தப் பெண் அனுதாபமாகத்தான் பேசினாள், வரிசையில் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், முடியாது என்றாள். சரியாகக் கேட்டாலும் சில இடத்தில் கிடைக்காது. ஸ்டெல்லா கணினி முன்னால் உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போய்த் திரும்பினாள். மணி நாலேகால். திங்கட்கிழமை கிடைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதுவும் இல்லையென்று ஆனால்? நாலே முக்காலுக்கு இருதயராஜ் வந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம். சைக்கிளை நிறுத்திவிட்டு, செருப்போடு உள்ளே வந்து நின்றார்.

"புனேக்குச் சரின்னு போட்டுரு" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நாளும் இந்த நாலு நாளும் உன் இஷ்டம் என்ற மனுஷன். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அவ்வளவுதானா? போன்னு சொல்லுததுக்குத்தான் இத்தன நாள் யோசிச்சீங்களா?"

"நீ மட்டும் இல்ல. நானும் வாரேன். புனே டீசல் ஷெட்டுக்கு டிரான்ஸ்ஃபர் எழுதிக் குடுத்துட்டேன். முந்தாநாள்."

"என்னது?"

"ஓன் ரிக்வெஸ்ட். எங்க ஆபீஸ்ல சீனிவாசன் சார் கையில குடுத்திருக்கேன்."

ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சொந்த விருப்பத்தில் வேறு கோட்டத்துக்கு மாறினால் சீனியாரிட்டி பட்டியலில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். அவருக்கு இந்த ஜூலையில் சீனியர் டெக்னீஷியன் பதவி உயர்வு. பதினாறு வருஷம் அதற்காக வரிசையில் நின்றவர். இத்தனை நாளில் அதை அவர் ஒருமுறையாவது தானாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கே தெரியும்.

"யாரு உங்கள எழுதச் சொன்னா?"

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவளுடைய பக்கம்தான், அச்செடுத்தது.

"சந்தானம் கொண்டாந்தாரு, நம்ம ஒர்க்ஷாப்புல. அவரு மருமக கொண்டாப்பூர்ல ஐடியில இருக்கால்லா, அவளுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. 'உன்னப் பத்தி இதுல இருக்கு பாரு'ன்னு எல்லார் முன்னாலயும் வாசிச்சாரு." காகிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், அந்த வரியை நன்றாகவே படித்திருந்தார். "சாத்தியமில்லன்னு எழுதியிருக்க. யாரு சொன்னா சாத்தியமில்லன்னு? என்கிட்ட கேட்டியா? நாந்தான் உனக்குக் குறுக்க நிக்கேன்னு ஊரெல்லாம் எழுதிப் போட்டிருக்க."

"அப்படி எழுதலங்க. அது வந்து..."

"வேற எப்படிப் படிக்க அத? எல்லாருக்கும் அதுல ஒரு வேலை இருக்கு. அஞ்சு நிமிஷம் இருக்கவனுக்கு ஒண்ணு, பதினஞ்சு நிமிஷம் இருக்கவனுக்கு ஒண்ணு. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. சரி, நம்மளால என்ன ஆகும்னு நானா யோசிச்சேன். இதான் தோணிச்சு."

ஸ்டெல்லா வெங்கட்டிடம் சொன்னாள், நஸ்ரினிடம் சொன்னாள், முன்பின் தெரியாத சாய்குமாரிடம் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாள். ஒரே வீட்டில், ஒரே சாம்பாரைத் தின்றுகொண்டிருந்தவரிடம், நீங்க என்ன சொல்லுதீங்க என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, உன் இஷ்டம் என்று பொதுவாகப் பதில் வந்ததற்குக் கோபப்பட்டாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

"உக்காருங்க" என்றாள். "செருப்ப அப்புறம் கழத்தலாம். எனக்கு உங்ககிட்ட ரெண்டு வேணும். ஒண்ணு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள சீனிவாசன் சார்கிட்ட போய் அந்தப் பேப்பரத் திருப்பி வாங்கணும். மேல அனுப்பியிருந்தாருன்னா வாபஸ் வாங்குதேன்னு எழுதிக் குடுத்துட்டு வரணும்."

"ம்."

"ரெண்டாவது, இப்ப நான் புனேக்கு மாட்டேன்னு எழுதப் போறேன். திங்கக்கிழமை இங்க கிடைக்காமப் போகலாம். போச்சுன்னா ஆறு மாசம் உங்க சம்பளம்தான். அந்த ஆறு மாசமும் புனேங்கிற பேச்ச நீங்க எடுக்கக் கூடாது. ஒரு தடவகூட."

அவர் யோசித்தார். எதையும் எண்ணிச் செலவழிக்கிறவர், இதையும் எண்ணித்தான் பார்த்தார்.

"மொதல்ல சொன்னது முடியும். ரெண்டாவது, ஆறு மாசம்லாம் நான் வாக்குக் குடுக்க மாட்டேன். மூணு மாசம் வாயத் தொறக்கல."

"சரி, மூணு" என்று அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். இரண்டு வரி எழுதினாள். அதில் ஒரு வார்த்தையை மூன்று தடவை அழித்து அடித்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். அது போய்விட்டது என்று திரையில் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். இருதயராஜ் கணினிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் உன்கிட்ட ஒண்ணு வேணும்" என்றார்.

"சொல்லுங்க."

"இந்த மாதிரி அடுத்த தடவ எழுதினா, சந்தானத்துக்கு முந்தி எனக்கு அனுப்பு."

"உங்களுக்கு ஈமெயில் கிடையாதேங்க."

"அப்ப இப்பவே ஒண்ணு தொறந்து குடு" என்று அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.